அக்கா எழுதிய கடிதமும் பிரெஞ்சு இலக்கணமும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்த காலத்தில் சனிக்கிழமை என்றால் வயிற்றைக் கலக்கும். அன்றைக்குத்தான் 'திக்தே'. ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதவேண்டும். நம் பள்ளிகளில் டிக்டேஷன் என்று சொல்வார்களே, அதேதான். பிரெஞ்சில் எழுதுவதில் பாதி எழுத்துகளை உச்சரிப்பதில்லை என்பதால் அது காதுக்கு வைக்கும் தேர்வு அல்ல, இலக்கணத்துக்கு வைக்கும் தேர்வு. எங்கள் ஆசிரியர் பழைய பாண்டிச்சேரிக்காரர். அவரை எல்லோரும் 'மிசே' என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு நாள் அவர் வாசித்த வாக்கியத்தின் பொருள் இது: அக்கா எனக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன், பிறகு அதை, அப்பா திறந்த பெட்டியில் வைத்தேன். இதில் நான்கு வினைகள்: எழுதியது, படித்தது, வைத்தது, திறந்தது. மிசே வாசித்தபோது மூன்று சொற்களின் முடிவில் ஓர் ஒலி தெளிவாகக் கேட்டது. எழுதியதற்கு 'எக்ரித்', வைத்ததற்கு 'மீஸ்', திறந்ததற்கு 'ஊவேர்த்'. கேட்டபடி எழுதினேன், சரியாக வந்தது. படித்ததற்கு 'ல்யூ' என்று மட்டும்தான் கேட்டது, அதையும் கேட்டபடியே எழுதினேன். அது தப்பு. அந்தச் சொல்லின் கடைசியில் வாயில் வராத ஓர் 'ஈ' எழுத்து இருக்கவேண்டுமாம்.

சரி, கடிதம் பிரெஞ்சில் பெண்பால், அதனால் பெண்பால் எழுத்து சேர்கிறது என்று நானே ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். அடுத்த வாக்கியம்: 'அக்கா எனக்கு ஒரு கடிதம் எழுதினாள்.' அதே கடிதம், அதே அக்கா. மிசே 'எக்ரி' என்று வாசித்தார். அவர் வாயில் ஏதோ விழுங்கிவிட்டார் என்று நினைத்து நான் பெண்பால் எழுத்தைச் சேர்த்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு மை.

"மிசே, கடிதம் அதேதானே? எழுதினவளும் அதே அக்காதானே?"

"கடிதம் யாரு எழுதினது, எப்போ எழுதினது, அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி? வாக்கியத்துலே கடிதம் முன்னாலே வந்துதா, பின்னாலே வந்துதா? அதை மட்டும் பாரு."

அவர் சொன்னதுதான் முழு விதியும். பிரெஞ்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல இரண்டு சொற்கள் சேரவேண்டும். ஒன்று துணைவினை. பெரும்பாலான வினைகளுக்கு அது 'அவ்வார்', அதாவது 'வைத்திருத்தல், உடைத்தாயிருத்தல்' என்ற பொருளுள்ள வினை. இன்னொன்று 'எழுதிய', 'வைத்த' என்பதுபோல் நிற்கும் இறந்தகால எச்சம். இந்த எச்சம் எழுவாயைக் கண்டுகொள்வதே இல்லை. எழுதியது அக்காவோ அண்ணனோ, அதற்குக் கவலையில்லை. செயப்படுபொருள் பின்னால் வந்தால் அதையும் கண்டுகொள்ளாது, வெறுமனே நிற்கும். செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதன் பாலையும் எண்ணையும் உடுத்திக்கொள்ளும். பெண்பாலுக்கு ஓர் 'ஈ', பன்மைக்கு ஓர் 'எஸ்', பெண்பால் பன்மைக்கு இரண்டும்.

பிரெஞ்சில் செயப்படுபொருள் இயல்பாக வினைக்குப் பின்னால்தான் வரும். அது முன்னால் வரும் சந்தர்ப்பங்கள் மூன்றே. 'அக்கா எழுதிய கடிதம்' என்பதுபோல் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு அதைப் பற்றிப் பேசும்போது முன்னால் வரும். 'அதை வைத்தேன்' என்பதில் 'அதை' என்ற சுட்டுப்பெயர், பிரெஞ்சு வழக்கப்படி, வினைக்கு முன்னே ஓடிவந்து நிற்கும். 'எந்தக் கடிதத்தை எழுதினாய்?' என்று கேட்கும்போதும் முன்னால் வரும். என் திக்தே வாக்கியத்தில் நான்கு எச்சங்களுக்கும் செயப்படுபொருள் முன்னால் இருந்தது. எழுதியதற்கும் படித்ததற்கும் வைத்ததற்கும் கடிதம், திறந்ததற்குப் பெட்டி. பெட்டியும் பிரெஞ்சில் பெண்பால்தான். ஆகவே நான்குக்கும் 'ஈ'.

ஒரு சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்ள, பக்கத்துச் சொல் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு என்ன நியாயம்? வெகுநாள் இது வேண்டுமென்றே செய்த கொடுமை என்றுதான் நினைத்திருந்தேன். நியாயம் இருக்கிறது, ஆனால் அதைத் தேட லத்தீனுக்குப் போகவேண்டும். போகும் வழியில் நம்முடைய தமிழே துணைக்கு வரும்.

'பணம் வைத்திருக்கிறேன்' என்கிறோம். இங்கே வைத்திருத்தல் என்பது உடைமை. 'கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்' என்றும் சொல்கிறோம். இங்கே கடிதம் எழுதப்பட்ட நிலையில் என்னிடம் இருக்கிறது என்றும் கொள்ளலாம், எழுதும் வேலை முடிந்துவிட்டது என்றும் கொள்ளலாம். 'அவன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்' என்னும்போது கையில் வைத்திருக்க ஒரு பொருளே இல்லை. 'வைத்திருக்கிறான்' வெறும் துணைவினை ஆகிவிட்டது. உடைமைச் சொல் மெல்ல நழுவி காலம் காட்டும் சொல்லாகும் இந்தப் பாதையில்தான் லத்தீனும் நடந்தது. 'எபிஸ்துலாம் ஸ்க்ரிப்தாம் ஹபேயோ' என்றால், சொல்லுக்குச் சொல், 'எழுதப்பட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன்'. இதில் 'ஸ்க்ரிப்தாம்' என்பது கடிதத்துக்கு அடைமொழி. லத்தீனில் அடைமொழி தன் பெயர்ச்சொல்லின் பாலை ஏற்றாகவேண்டும். கடிதம் பெண்பால், ஆகவே 'எழுதப்பட்ட' என்பதும் பெண்பால். முன்னால் பின்னால் என்ற பேச்சே அங்கே இல்லை. எங்கே நின்றாலும் இயைபு உண்டு.

வடமொழி தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. 'மயா பத்ரம் லிகிதம்' என்றால் 'என்னால் ஓலை எழுதப்பட்டது'. எழுதப்பட்டது கதையானால் 'லிகிதா' ஆகிவிடும். (நம் பாட்டனார் காலத்தில் கடிதத்துக்கே 'லிகிதம்' என்று பெயர், அதுவும் ஓர் இறந்தகால எச்சந்தான்.) அந்த அமைப்பின் வாரிசு இந்தியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரச்சார சபைத் தேர்வு எழுதியவர்களுக்கு 'நே' உருபு தந்த தலைவலி நினைவிருக்கும். ராமன் எழுதினாலும் சீதை எழுதினாலும், எழுதியது 'சிட்டீ' என்றால் 'லிக்கீ', எழுதியது 'கத்' என்றால் 'லிக்கா'. இரண்டும் கடிதந்தான், முன்னது பெண்பால், பின்னது ஆண்பால். எழுவாய்க்கு அங்கே குரலே கிடையாது. இந்தி இந்த வழக்கத்தை முழுசாக வைத்துக்கொண்டது. ஸ்பானிஷ் முழுசாக விட்டுவிட்டது. பிரெஞ்சு பாதியை வைத்துக்கொண்டது. அந்தப் பாதிதான் நம் பிரச்சினை.

பாதி எப்படி மிஞ்சியது? 'வைத்திருக்கிறேன்' துணைவினையாகத் தேய்ந்தபோது 'எழுதப்பட்ட' என்ற அடைமொழி அதோடு ஒட்டிக்கொண்டு ஒரே வினையாகப் பழகிவிட்டது. வினை ஆனபின் அதற்குப் பால் எதற்கு? ஆனால் கடிதத்தை முதலிலேயே சொல்லிவிட்டால், அதன் பால் காதில் இருக்கும்போதே எச்சம் வருகிறது. பழைய அடைமொழி உறவு விட்டுப்போகவில்லை. பழைய பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதிகளில் இரண்டு வழக்கமும் கலந்தே கிடக்கின்றன. பின்னால் வந்த பொருளோடு இயைபு காட்டியவர்களும் உண்டு, முன்னால் வந்ததோடு காட்டாதவர்களும் உண்டு. யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை.

அதை விதியாகச் சொன்ன பெயர் பெற்ற முதல் ஆள் ஒரு கவிஞர். க்ளெமான் மாரோ, 16ஆம் நூற்றாண்டில் முதலாம் பிரான்சுவா மன்னரின் அரசவையில் இருந்தவர். மதச் சீர்திருத்தவாதி என்ற சந்தேகத்தில் சிக்கி நாட்டைவிட்டு ஓடி, 1535இல் இத்தாலியின் ஃபெராராவில் அடைக்கலம் புகுந்தார். திரும்பி வந்தபின், 1538 வாக்கில், தம் சீடர்களுக்கு என்று ஒரு சிறு கவிதை எழுதினார். முன்னால் வரும் சொல்தான் பின்னால் வருவதை ஆளும், இத்தாலியரைப் பாருங்கள் என்பது அதன் சாரம். விதியை அவரே இத்தாலியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார் என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அவரைத் திட்டுவார்கள். அது கொஞ்சம் அநியாயம். வழக்கம் பிரெஞ்சில் ஏற்கெனவே இருந்தது, அவர் இத்தாலியைச் சாட்சிக்கு அழைத்தார், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, சாட்சி பிறகு பல்டி அடித்துவிட்டது. இன்றைய இத்தாலியனில் 'அதை எழுதினேன்' என்றால் இயைபு உண்டு. 'நான் எழுதிய கடிதம்' என்றால் பொதுவாக இயைபு காட்டுவதில்லை. மாணவர் மட்டும் பழைய பாடத்தை விடாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்.

மாரோவின் கவிதைக்குப் பிறகும் இலக்கணக்காரர்கள் சண்டையிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 1647இல் வோஜ்லா வெளியிட்ட குறிப்புகளில் இந்த இயைபுக்கு இன்று யாரும் பின்பற்றாத விலக்குகள் இருக்கின்றன. விதி இறுகியது 19ஆம் நூற்றாண்டில். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தபோது, எல்லோருக்கும் ஒரே எழுத்துமுறையைச் சொல்லித்தர ஒரு பாடப்புத்தகம் வேண்டியிருந்தது. 1823இல் வந்த நோயெல், ஷப்சால் இருவரின் இலக்கணம் அந்த வேலையைச் செய்தது. அதற்குள் பேச்சில் சொல்லின் கடைசி ஒலிகள் பல மங்கிப்போயிருந்தன. 'உண்ட' என்பதற்கான 'மான்ஷே', அதன் நான்கு வடிவங்களும் பாரிஸில் ஒரே ஒலிதான். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பெண்பால் வடிவத்தைச் சற்று நீட்டி உச்சரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது காகிதத்தில் மட்டும் வாழும் எழுத்து.

அதனால்தான் நம்மைப்போல் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காது உதவுவதில்லை, இலக்கணம்தான் உதவவேண்டும். இங்கே தமிழருக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது: இரண்டாம் வேற்றுமை. 'ஐ' உருபு ஏற்பதுதான் நேர்ச் செயப்படுபொருள். 'கு' உருபு ஏற்றால் இயைபு கிடையாது. அக்கா 'எனக்கு' எழுதினாள் என்பதில் நான் முன்னால் வந்தாலும் எச்சம் என்னைப் பொருட்படுத்தாது. 'எங்களைப் பார்த்தான்' என்றால் பன்மை 'எஸ்' சேரும், 'எங்களுக்குப் பதில் சொன்னான்' என்றால் சேராது. பிரெஞ்சில் 'எங்களை'யும் 'எங்களுக்கு'வும் ஒரே சொல், 'நூ'. பிரெஞ்சுப் பிள்ளைகள் இந்த இடத்தில் திணறுவார்கள். உருபு வாயிலேயே இருப்பதால் நமக்குத் திணறல் இல்லை.

ஆனால் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் விரலை வெட்டும். முதல் இடறல், தமிழ்ப் பெயரெச்சம் வேற்றுமையை மறைத்துவிடும். 'அக்கா எழுதிய கடிதத்தைப் படித்தேன்' என்பதில் கடிதத்தின்மேல் இருக்கும் 'ஐ' படித்ததற்கு உரியது, எழுதியதற்கு அல்ல. 'அக்கா எழுதிய கடிதம் வந்தது' என்றால் 'ஐ' எங்கேயும் கண்ணில் படாது. இருந்தும் பிரெஞ்சில் இயைபு உண்டு. ஆகவே எச்சத்தைப் பிரித்து முழு வாக்கியமாக்கிப் பார்க்கவேண்டும்: அக்கா எதை எழுதினாள்? கடிதத்தை. 'எதை' என்ற கேள்விக்குக் கிடைத்த விடை பிரெஞ்சு வாக்கியத்தில் எச்சத்துக்கு முன்னால் நிற்கிறதா? நிற்கிறது. சேர்த்துவிடு.

இரண்டாம் இடறல் இன்னும் மோசம், ஏனென்றால் அது தமிழருக்கென்றே வெட்டிய குழி. சில வினைகளுக்கு நம் உருபும் அவர்கள் உருபும் ஒத்துப்போவதில்லை. நாம் அவர்களு'க்கு' உதவுகிறோம். பிரெஞ்சில் அவர்'களை' உதவுவார்கள், இயைபு உண்டு. நாம் அக்காவு'க்காக'க் காத்திருப்போம். பிரெஞ்சில் அக்கா'வை'க் காத்திருக்கவேண்டும், ஆகவே பெண்பால் எழுத்து வரும். தலைகீழாக, நாம் 'அவர்களைக் கேட்டேன்' என்கிறோம். பிரெஞ்சில் ஒருவ'ருக்கு'த்தான் கேள்வி கேட்கமுடியும், ஆகவே இயைபு இல்லை. நான் இந்த மூன்றிலும் விழுந்து எழுந்திருக்கிறேன். பிரெஞ்சு வினை ஒன்றைப் படிக்கும்போதே அது எந்த உருபை ஏற்கிறது என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இவ்வளவு தெரிந்தால் பத்தில் ஒன்பது வாக்கியங்களைச் சரியாக எழுதிவிடலாம். பத்தாவதுதான் பிரெஞ்சுக்காரர்களே வேர்த்துப்போகும் இடம். இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 'நான் பாடக் கேட்ட பாடகி', 'நான் பாடக் கேட்ட பாட்டு'. தமிழில் இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. பிரெஞ்சிலும் பாடகி, பாட்டு இரண்டும் பெண்பால், இரண்டும் முன்னால் வருகின்றன. ஆனால் 'கேட்ட' என்ற எச்சம் முதல் வாக்கியத்தில் பெண்பால் எழுத்தை ஏற்கும், இரண்டாவதில் ஏற்காது. காரணம், முதலாவதில் நான் கேட்டது பாடகியை, அவள்தான் பாடுகிறாள். இரண்டாவதில் பாட்டு பாடாது, அதை யாரோ பாடுகிறார்கள். பாட்டு 'பாட' என்ற வினைக்குச் செயப்படுபொருள், 'கேட்ட' என்பதற்கு அல்ல. தர்க்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வாக்கியத்திலும் 'கேட்ட' என்ற சொல்லின் உச்சரிப்பில் துளி வித்தியாசம் கிடையாது. வாயில் இல்லாத, பொருளையும் மாற்றாத ஓர் எழுத்துக்காக இத்தனை ஆராய்ச்சி!

இந்த எரிச்சல் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1900 ஜூலை 31 அன்று பிரான்சின் கல்வி அமைச்சர் ஜார்ஜ் லேக் ஓர் ஆணை பிறப்பித்தார். 'அவ்வார்' துணைவினையோடு வரும் எச்சத்தை எங்கேயும் மாற்றாமல் எழுதினாலும் தேர்வுகளில் தப்பென்று கொள்ளக்கூடாது என்றது அது. ஒரு வரியில் நூற்றாண்டுத் தலைவலி தீர்ந்திருக்கும். பிரெஞ்சு அக்கதெமி எதிர்த்தது. ஏழு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1901 பிப்ரவரி 26 அன்று வந்த புதிய ஆணையில் அந்தச் சலுகை சுருங்கிவிட்டது. எச்சத்தை அடுத்து வேறொரு வினையெச்சம் வரும் 'பாடக் கேட்ட' போன்ற இடங்களில் மட்டும் மாற்றாமல் விடலாம் என்றார்கள். 1990இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் 'விட்ட' என்ற ஒரே ஒரு வினையை, அதுவும் இன்னொரு வினைக்கு முன் வரும்போது மட்டும், விடுதலை செய்தது.

கடைசியாகப் பெரிய சத்தம் கேட்டது 2018 செப்டம்பரில். அர்னோ ஹுட், ஜெரோம் பிரோன் என்ற இரு பெல்ஜியர்கள், முன்னாள் பிரெஞ்சு ஆசிரியர்கள், பாரிஸின் 'லிபெராசியோன்' நாளிதழில் எழுதினார்கள். 'அவ்வார்' வந்தால் எச்சம் எப்போதும் மாறாது என்று வைத்துவிடலாம் என்பது அவர்கள் கோரிக்கை. கட்டுரைத் தலைப்பிலேயே, தின்ற தோசையைப் பெண்பால் பன்மை ஏதும் சேர்க்காமல் எழுதிக் காட்டினார்கள். (க்ரெப் என்பது அவர்கள் ஊர்க் கோதுமைத் தோசை.) பள்ளியில் இந்த இயைபுக்கு மட்டும் சுமார் 80 மணி நேரம் செலவாகிறது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. எதிர்த்தவர்கள் அழகு, மரபு, தெளிவு என்றார்கள். தெளிவு என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பெரும்பாலான வினைகளில் காதுக்கே எட்டாத ஒன்று பேச்சுக்கு என்ன தெளிவைத் தரும்? கேட்கும் இடங்களிலும், 'எடுத்த முடிவுகள்' என்பதற்குப் 'ப்ரீஸ்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ப்ரி' என்று சொல்லிவிட்டுப் போகும் பிரெஞ்சுக்காரர்களை வானொலியில் தாராளமாகக் கேட்கலாம். யாருக்கும் பொருள் புரியாமல் போவதில்லை.

என்னைக் கேட்டால் 1900இன் ஆணையை அப்படியே விட்டிருக்கவேண்டும். ஆனால் தேர்வுத் தாளைத் திருத்துவது நானல்ல. பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: கடைசி ஒலி கேட்கிற சில எச்சங்களை, எக்ரித், மீஸ், ஊவேர்த், ப்ரீஸ், ஃபெத், இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒலி கேட்காத வினை வரும்போது அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'மீஸ்' போட்டால் பொருந்துகிறதா 'மி' போட்டால் பொருந்துகிறதா என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். 'மீஸ்' பொருந்தினால் ஓர் 'ஈ' வேண்டும். என்னுடைய 'ல்யூ'வை அப்படிச் சோதித்திருந்தால் அந்தச் சனிக்கிழமை ஒரு சிவப்பு வட்டம் குறைந்திருக்கும்.